பானை தூக்குகிறவள்

வெள்ளையம்மாவின் ஊரில் எந்தப் பெண்ணின் உடம்பும் ரகசியம் இல்லை. தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டுப் பக்கமாகப் போகும் வண்டிப்பாதையில், ஊருக்கு வெளியே, புளியந்தோப்பை ஒட்டி ஜன்னல் இல்லாத ஒரு மண்வீடு நின்றது. மாதவிலக்கு வந்தவள் வீட்டை விட்டு அங்கே போய்விட வேண்டும். முட்டுவீடு என்பார்கள். யார் போனாள், எத்தனை நாள் தங்கினாள், யார் போகவே இல்லை என்பது மாடு ஓட்டிக்கொண்டு போகிறவனுக்குக்கூடத் தெரியும். ஒருத்தி தொடர்ந்து போகாமல் இருந்தால் அவள் கர்ப்பம் என்று அவளுக்கு முன்பே ஊர் முடிவு செய்துவிடும்.

முட்டுவீட்டில் பெண்களுக்குச் சமையல் இல்லை, களை எடுப்பது இல்லை. வெளியிலிருந்து களி வரும். வெள்ளையம்மா உள்ளே இருக்கும் நாட்களில் அங்கே சிரிப்புச் சத்தம் ஊர்க்கிணறு வரை கேட்கும். மாமியார்களைப்போல் நடந்து காட்டுவாள். ராகிக் கொல்லையில் யானை புகுந்த இரவு, தன் புருஷன் கிருஷ்ணப்பன் தகரத்தைத் தட்டுவதற்குப் பதிலாகத் தகரத்தைப் போட்டுவிட்டு ஓடியதை நடித்துக் காட்டுவாள். உண்மையில் யானையை விரட்டியவள் அவள்தான். அந்தக் குரலுக்கு யானை மட்டுமல்ல, கணக்குப்பிள்ளையும் வழிவிடுவார்.

ஐம்பதை நெருங்கும்போது அவளுக்கு நின்றுவிட்டது. ஒரு வருஷம் முழுக்க அவள் முட்டுவீட்டுப் பக்கம் போகவில்லை என்று ஊர் பார்த்துக்கொண்டது. முட்டுவீட்டில் தனக்கென்று வைத்திருந்த மண்சட்டியை எடுத்து வந்து கோழிக்குத் தண்ணீர் வைத்தாள்.

"இனிமே கோழிதான் தூரமாவணும், சட்டி அதுக்குத்தான்" என்றாள்.

அந்தப் பங்குனியில்தான் அது நடந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டத்தோடு நின்றிருந்தபோது அவள் நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஒரு அனல் ஏறியது. முகம் சிவந்தது. வேர்வை ஆறாக ஓடியது. புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு, "அம்மாடி, எரியுதே" என்று கத்தினாள். பூசாரி எல்லப்பன் உடுக்கையைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான். அம்மன் வந்துவிட்டாள் என்றான். பொங்கல் பானையைத் தலையில் தூக்கிக் கோயிலைச் சுற்றி வரும் உரிமை, தீட்டு நின்ற பெண்ணுக்குத்தான். அதுவரை பானை தூக்கிய மாதம்மாள் முந்தின மழைக்காலத்தில் செத்துப் போயிருந்தாள். அம்மனே ஆளைக் காட்டிவிட்டாள் என்று ஊர் சொன்னது. பானை வெள்ளையம்மாவின் தலைக்கு வந்தது.

அவளுக்கு அது பிடித்திருந்தது. கடைசிச் சுற்றில் ஆண்கள் குனிந்து வழிவிடுவார்கள். கணக்குப்பிள்ளை செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். அன்றைக்கு ஒரு நாள் கிருஷ்ணப்பன் அவளை "வாங்க" என்று கூப்பிடுவான்.

அனல் மட்டும் நிற்கவில்லை. களை எடுக்கும்போது வந்தது, தூக்கத்தில் வந்தது. அம்மன் இப்படி நேரம் கெட்ட நேரத்தில் வருகிறாளே என்று ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

மூன்றாம் வருஷம் அறுவடை முடிந்த சமயம், அவள் துணியில் ரத்தம் பட்டிருந்தது.

கொஞ்சம்தான். மறுநாள் இல்லை. பத்து நாள் கழித்து மறுபடியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. முட்டுவீட்டுக்குப் போனால் பானை போய்விடும். நின்றது என்று பொய் சொல்லி அம்மனைத் தொட்டவள் என்றும் பேசுவார்கள். யானை வரும் ஓடைப்பக்கம் யாரும் துணி துவைக்கப் போவதில்லை. அவள் அங்கே போய்த் துவைத்தாள்.

பானையைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. மாதம்மாளுக்கும் இப்படித்தான். நின்ற பிறகு பட்டது. பானை தூக்குகிறவள் எப்படி வெளியே சொல்வாள்? கடைசி நாட்களில் மாதம்மாள் வீட்டில் சாம்பிராணி எந்நேரமும் புகைந்தது. அதையும் மீறி ஒரு வாடை வந்தது. பாயோடு பாயாகக் கிடந்தபோது வெள்ளையம்மாதான் துணி மாற்றினாள். என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் வாடை தெரிந்திருந்தது.

இந்தத் துணியை அவள் முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை. அதனால் மனது ஆறவில்லை.

தை மாதம் அவள் ஓரகத்தி நாராயணம்மா முட்டுவீட்டில் மயங்கி விழுந்தாள். அவளுக்கு ஒவ்வொரு மாதமும் ரத்தம் கட்டுக்கடங்காமல் போனது. எல்லாரும் திரும்பி வந்த பிறகும் அவள் அங்கேயே கிடப்பாள். அடிவயிறு கல்போல் உப்பியிருந்தது. ஓசூரில் மிஷன்காரர்களின் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருப்பதாகச் சந்தையில் பேச்சு.

"நான் கூட்டிகினு போறேன்" என்று வெள்ளையம்மா உடனே சொன்னாள். அவள் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்து, ஓரகத்தி மேல் இவ்வளவு பாசமா என்று கிருஷ்ணப்பன் ஆச்சரியப்பட்டான். மருமகள் சாந்தம்மாவையும் கிளம்பச் சொன்னாள். சாந்தம்மாவுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். குழந்தை இல்லை. முட்டுவீட்டுக்கும் அபூர்வமாகத்தான் போவாள். ஊர் அவளைப் பலமுறை கர்ப்பமாக்கி, பலமுறை ஏமாந்தது. மோவாயில் முளைத்த முடியை அவள் விடியும் முன்பே கண்ணாடி வைத்துப் பிடுங்குவாள்.

தேன்கனிக்கோட்டையில் பஸ் ஏறினார்கள். துணைக்கு வந்தவள் என்ற வேஷம் வெள்ளையம்மாவுக்குச் சௌகரியமாக இருந்தது. ஓசூர் வரைக்கும் நிறுத்தாமல் பேசினாள்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய கடிகாரம். ஒவ்வொருத்தராக வரச் சொன்னார். மூன்று பேரும் சேர்ந்தே நுழைந்தார்கள்.

"உங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?" என்று சாந்தம்மாவிடம் கேட்டார்.

சாந்தம்மா தலை குனிந்துகொண்டாள்.

"உகாதிக்குப் போனா. அப்புறம் ஆடியிலதான்" என்றாள் நாராயணம்மா.

"தீவாளிக்கும் போனாளே. நான்தானே களி கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றாள் வெள்ளையம்மா.

"அது மொத தீவாளி அக்கா."

"நான் இவங்களைத்தான் கேட்டேன்" என்றார் டாக்டரம்மா.

"அவளுக்கு என்னா தெரியும் டாக்டரம்மா, சின்னப் பொண்ணு. எங்களைக் கேளுங்க, ஊரே சொல்லும்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு இவர்களையே கேட்டார். நாராயணம்மாவுக்கு எத்தனை நாள் போகிறது என்று வெள்ளையம்மா சொன்னாள். கட்டி கட்டியாகப் போகிறது என்று சாந்தம்மா சொன்னாள். வெள்ளையம்மாவைப் பற்றிக் கேட்டபோது மற்ற இருவரும் முந்திக்கொண்டு சொன்னார்கள்.

"அக்காவுக்கு நின்னு மூணு வருஷம் ஆச்சு."

"அத்தெதான் எங்க ஊருல பானை தூக்கறாங்க."

வெள்ளையம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்ன பிறகு எப்பவாவது பட்டிருக்கா?"

"அதெல்லாம் இல்ல" என்றாள் நாராயணம்மா. "பட்டிருந்தா எங்களுக்குத் தெரியாதா?"

பிறகு டாக்டரம்மா ஒரு மரக்குச்சியை எடுத்துக் காட்டினார். நுனி ஒரு தினுசாக வளைந்திருந்தது. கர்ப்பப்பையின் வாயில் அதால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, பெங்களூருக்கு அனுப்பினால் அங்கே பெரிதாக்கிப் பார்ப்பார்கள் என்றார். அந்த இடத்தில் புற்று வருவதற்குப் பல வருஷம் முன்பே மாறுதல் தொடங்கிவிடும், அப்போதே கண்டுபிடித்தால் ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்றார். முப்பது தாண்டிய எல்லாரும் செய்துகொள்வது நல்லது.

"நோவு இருக்கறவங்களுக்கா?" என்று நாராயணம்மா கேட்டாள்.

"நோவு இல்லாதவங்களுக்குத்தான். நோவு தெரியற நேரத்துல பாதி முத்திப்போயிருக்கும்."

"நோவே இல்லாதவ ஆஸ்பத்திரிக்கு எதுக்கும்மா வரப்போறா?"

"வரமாட்டேங்கறாங்களே, அதான் குச்சியெல்லாம் அப்படியே கெடக்கு" என்றார் டாக்டரம்மா.

திரைக்குப் பின்னால் உயரமான மேஜை இருந்தது. நர்ஸ் ஒரு இரும்புச் சாமானை வெந்நீரில் போட்டு எடுத்தாள். அது வாத்து மூக்குப்போல இருந்தது. நாராயணம்மா அதைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"நான் ஊருக்குப் போறேன். செத்தாலும் அங்கியே சாவறேன்."

"நில்லு, பயந்தாங்கொள்ளி" என்றாள் வெள்ளையம்மா. "யானைக்கே பயப்படாதவ நான். நான் மொதல்ல ஏறறேன். நான் கத்தினா நீ ஓடிப்போ."

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. அதற்குள் நர்ஸ் திரையை விலக்கிவிட்டாள். பின்வாங்கினால் நாராயணம்மா அடுத்த பஸ்ஸில் இருப்பாள். வெள்ளையம்மா மேஜையில் ஏறினாள்.

வலிக்கவில்லை. சில்லென்று இருந்தது. டாக்டரம்மா விளக்கைத் திருப்பிவிட்டுக் குனிந்து பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. குச்சியால் ஒரு சுற்று சுற்றி, கண்ணாடியில் தடவி, அதை ஸ்பிரிட் இருந்த சீசாவுக்குள் போட்டார். பிறகு தலையை நிமிர்த்தி, திரைக்கு வெளியே கேட்காத குரலில் கேட்டார்.

"எப்ப இருந்து?"

வெள்ளையம்மா கூரையைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குரலைத் தாழ்த்தினாள்.

"ராகி அறுத்ததுல இருந்து" என்றாள், கிசுகிசுத்து. "அவளுங்களுக்குத் தெரியாது."

"நான் சொல்லமாட்டேன்."

"புத்தா?"

"சின்னதா, சிவப்பா, பழுத்த மிளகாய் நுனியாட்டம் ஒரு சதை தொங்குது. ரத்தம் அதுல இருந்துதான் வருதுன்னு நினைக்கிறேன். பார்த்தா புத்து மாதிரி தெரியலை. ஆனா கண்ணால பார்த்து மட்டும் நான் சொல்லமாட்டேன்."

"மாதம்மாளுக்கும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. டாக்டரம்மா யார் மாதம்மாள் என்று கேட்கவில்லை. அவள் முழங்காலில் கையை வைத்தார். பிறகு நீளமான ஒரு இடுக்கியால் அந்தச் சதையைப் பிடித்து மெல்ல முறுக்கினார். அது கையோடு வந்துவிட்டது. அதுவும் ஒரு சீசாவுக்குள் போனது.

"நின்னுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உள்ளேயும் பார்க்கணும். மயக்கம் குடுத்து உள்பக்கம் கொஞ்சம் சுரண்டி எடுத்து அதையும் அனுப்பணும். ரெண்டு நாள் தங்கணும்."

"என்னான்னு சொல்லித் தங்கறது?"

"உங்க ஓரகத்திக்கு ஆள் வேண்டியிருக்கும்."

வெளியிலிருந்து நாராயணம்மாவின் குரல் வந்தது. "அக்கா, உசுரோட இருக்கியா?"

"கூச்சமா இருக்குதுடி, அவ்வளவுதான்" என்று வெள்ளையம்மா முழுக்குரலில் கத்தினாள். "நீ நாலு பெத்ததைவிட இது சுளுவு."

அடுத்து நாராயணம்மா ஏறினாள். கர்ப்பப்பையில் சதைக்கட்டிகள் இருக்கின்றன, மூன்று மாதக் கர்ப்பத்தைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கின்றன என்றார் டாக்டரம்மா. இது புற்று அல்ல, நிறையப் பேருக்கு இருப்பதுதான். மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானாகச் சுருங்கும். ஆனால் நாராயணம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டினார். காகிதம்போல் வெளுத்திருந்தது. நிற்கும்வரை காத்திருக்க இந்த உடம்பில் ரத்தம் இல்லை. ரத்தம் ஏற்றி, இரும்புச்சத்து மருந்து கொடுத்து, கொஞ்சம் தேறியதும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம். நான்கு பிள்ளைகள் போதும் என்று நாராயணம்மாவே சொன்னாள்.

சாந்தம்மாவைப் பரிசோதித்து முடித்ததும் டாக்டரம்மா மற்ற இருவரையும் வெளியே அனுப்பினார். அன்று அங்கே கிசுகிசுக்காமல் தனியாகப் பேச முடிந்தவள் அவள் ஒருத்திதான். வெளியே வந்தபோது அழுதிருந்தாள், ஆனால் முகம் இலேசாக இருந்தது.

"என்னாடி சொன்னாங்க?"

"சினைப்பை ரெண்டும் பெருத்துக் கெடக்குதாம் அத்தெ. முட்டை ஒழுங்கா வெளிய வர்றதில்லையாம். அதனாலதான் தள்ளிப்போகுதாம், இந்த முடியும் அதனாலதானாம். மலடின்னு யாரும் சொல்லக் கூடாதுன்னாங்க. ஒடம்பு எளைச்சா சில பேருக்குத் தானா சரியாகுமாம். இல்லேன்னா வேலூருல அதுல ஒரு துண்டு வெட்டித் தைப்பாங்களாம். நெறையப் பேருக்கு அப்புறம் தங்கியிருக்குதாம்." அவள் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அதுக்கு முன்னாடி உங்க புள்ளையையும் சோதிக்கணுமாம்."

"மாதப்பனையா? அவனை என்னாத்துக்கு?"

"பாதி நேரத்துல கொறை அந்தப் பக்கமும் இருக்கலாமாம்."

வெள்ளையம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வரட்டும். அந்த மேஜையிலே அவனும் ஏறட்டும்."

நாராயணம்மாவுக்கு ரத்தம் கொடுக்க அவள் புருஷன் முனிவேல் வந்தான். அவன் ரத்தம் பொருந்தியது. "இத்தனை வருஷம் வாயாலேயே உறிஞ்சினா" என்று நர்ஸிடம் சொன்னான். "இப்ப நீங்களே குழாய் போட்டுக் குடுக்கறீங்க."

துணைக்கு இருந்தவள் ஒரு நாள் காலையில் சாப்பிடாமல் இருந்ததையும், மத்தியானம் வரை எங்கேயோ காணாமல் போனதையும் நாராயணம்மா கவனிக்கவில்லை. வெள்ளையம்மா மயக்கம் தெளிந்து, வெளுத்த முகத்தோடு வந்து, ஓரகத்தியின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள்.

"ஏக்கா, நோயாளி நானா நீயா?"

"ஒனக்கு வந்த ரத்தத்தைப் பார்த்தே எனக்கு மயக்கம்."

பெங்களூரிலிருந்து பதில் வரும்வரை அவள் குறைவாகப் பேசினாள். டாக்டரம்மா வார்டைச் சுற்றி வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு நாள் டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டாள்.

"டாக்டரம்மா, இப்ப எனக்குப் படறது முட்டா? முட்டுவீட்டுக்குப் போவணுமா?"

"இல்லை. உங்களுக்கு மாதவிலக்கு நின்னது நின்னதுதான். இது புண்ணுல இருந்து வர்ற ரத்தம். மூக்குல ரத்தம் வந்தா அங்க போவீங்களா?"

"மாட்டோம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு அம்மனும் வருது. நெஞ்சுல இருந்து அனலாட்டம் ஏறும். வேர்த்துக் கொட்டும். நொடியில போயிரும்."

டாக்டரம்மா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "நிக்கற வயசுல உடம்புக்குள்ள சுரக்கறது குறையும். அதனால அப்படி வரும். சில பேருக்கு வருஷக்கணக்கா வரும். பயம் இல்லை."

"அப்ப அம்மன் வரலியா?"

"அது எனக்குத் தெரியாது. வேர்வை இதனாலதான்."

"இருக்கும்" என்றாள் வெள்ளையம்மா. "அம்மனுக்கும் வயசு ஆவுது."

நாராயணம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்கும் நாளில் பதில் வந்தது. டாக்டரம்மா அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். வெள்ளையம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"வெறும் சதைதான். புத்து இல்லை. உள்ள சுரண்டினதுலயும் ஒண்ணும் இல்லை, குச்சியில எடுத்ததும் சுத்தம். மறுபடி ஒரு சொட்டு பட்டா அன்னிக்கே பஸ் ஏறணும். படாட்டியும் அடுத்த வருஷம் வந்து குச்சி மட்டும் செஞ்சுட்டுப் போங்க."

வெள்ளையம்மா தூணை விடவில்லை. பிறகு உள்ளே போய் நாராயணம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஓடைக்கரையில் துவைத்தது முதல்.

நாராயணம்மா தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "எங்கிட்ட சொல்லலியேடி, பாவி! நான் என்னமோ பெருமையா, பட்டிருந்தா எங்களுக்குத் தெரியாதான்னேன்."

"அதனாலதான் ஊருலயும் சொல்லப்போறேன்."

"பானை போயிரும்."

"மாதம்மாளுக்கு நான்தானே துணி மாத்தினேன்" என்றாள் வெள்ளையம்மா. "பானைக்குப் பயந்துதான் அவ சொல்லல."

ஊரில் அவள் முட்டுவீட்டு வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து கேட்டார்கள். கிணற்றடியில் இருந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். நின்ற பிறகு பட்டது, மறைத்தேன், சதை இருந்தது, எடுத்துவிட்டார்கள், முட்டு அல்ல என்று டாக்டரம்மா சொன்னார். மாதம்மாளின் பெயரையும் சொன்னாள். அந்தப் பெயர் வந்ததும் நாகம்மா என்ற ஐம்பது தாண்டியவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். செய்தி எல்லப்பனுக்குப் போனது.

எல்லப்பன் காதைப் பொத்திக்கொண்டான். "இதையெல்லாம் ஆம்பளைங்க காதுல போடலாமா? நான் எப்படித் தீர்ப்புச் சொல்ல? அம்மன்கிட்ட பூக் கேக்கலாம்."

பங்குனிச் செவ்வாய்க்கிழமை, ஊர் கூடியது. எல்லப்பன் அம்மன் தலையின் இரண்டு பக்கமும் பூ வைத்தான். வலது பூ விழுந்தால் வெள்ளையம்மா தூக்கலாம், இடது விழுந்தால் கூடாது. பூ விழவில்லை. வெயில் ஏறியது. அடுப்பில் பொங்கல் அடிப்பிடிக்கும் வாடை வந்தது. பிள்ளைகள் பசிக்கு அழுதன. பூ இரண்டும் ஒட்டவைத்தது மாதிரி இருந்தன.

"கொஞ்சம் இருமிப் பாரு எல்லப்பா" என்றாள் நாராயணம்மா, கூட்டத்தின் பின்னாலிருந்து.

அந்த நேரத்தில் வெள்ளையம்மாவின் நெஞ்சில் அனல் ஏறியது. அவளுக்கு அது என்னவென்று இப்போது தெரியும். கழுத்து சிவந்தது, முகம் சிவந்தது, நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. தலைப்பால் விசிறிக்கொண்டாள்.

"வந்துட்டா!" என்று எல்லப்பன் அலறினான். "அம்மன் வந்துட்டா! பானையை எடுங்க!"

நாராயணம்மா வெள்ளையம்மாவைப் பார்த்தாள். வெள்ளையம்மா அவளைப் பார்த்தாள். இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

"எல்லப்பா, இது வயசு" என்றாள் வெள்ளையம்மா. "டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நிக்கறவ எல்லாருக்கும் வரும்."

"எனக்கும் வருது" என்றாள் நாகம்மா, கூட்டத்திலிருந்து.

"எனக்கும்தான். ராத்திரியிலே" என்றாள் இன்னொருத்தி.

எல்லப்பன் குழம்பிப்போய் நின்றான். பசித்த கூட்டம் அவனைப் பார்த்தது. கடைசியில் அவன் சொன்னான்: "அப்ப அத்தனை பேருக்கும் அம்மன் வருது. இந்த வருஷம் இவளே தூக்கட்டும். சீக்கிரம்."

பானை ஏறியது. கணக்குப்பிள்ளை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பானைக்குப் போட்டி வந்தது. இத்தனை பேருக்கு அம்மன் வருகிறதென்றால் வருஷத்துக்கு ஒருத்தி தூக்கட்டும் என்று பெண்கள் கேட்டார்கள். வெள்ளையம்மா ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். தூக்க ஆசைப்படுகிறவள் அதற்கு முன் ஓசூர் போய்க் குச்சி செய்துகொண்டு வர வேண்டும். உள்ளே சுத்தமா என்று தெரியாமல் யாரும் அம்மன் பானையைத் தொடக்கூடாது. இதில் எல்லப்பனால் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. சுத்தம் என்ற சொல் அவனுக்குப் பிடித்திருந்தது. பானை தூக்குவதற்கு விரதம் இருப்பதுபோல் இதுவும் ஒன்று என்று அவன் எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தான்.

அடுத்த மாசி மாதம் ஓசூர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பஸ் நின்றது. நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்த ஐம்பது வயதுப் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். முன்னால் வெள்ளையம்மா.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். முதலில் நாகம்மா உட்கார்ந்தாள்.

"என்ன தொந்தரவு?"

"ஒண்ணுமில்லீங்க."

"வலி? வெள்ளைப்படுதா? ரத்தம்?"

"ஒண்ணுமே இல்லீங்க டாக்டரம்மா. நல்லா இருக்கறேன். பானை தூக்கணும்."

டாக்டரம்மா நிமிர்ந்து வெள்ளையம்மாவைப் பார்த்தார். வெள்ளையம்மா சுவரில் சாய்ந்து, சிவந்த முகத்தோடு, தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"குச்சி போதுமா?" என்று கேட்டாள். "இன்னும் பஸ்ல ரெண்டு பேர் இருக்காளுங்க."